மழையில் காய்ந்த வெங்காயம்

வெங்காயக் கிடங்கில் வேலை பார்ப்பவன் நாள் முழுக்க அழுதுகொண்டிருப்பான் என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முழு வெங்காயம் யாரையும் அழவைக்காது. அரிந்தால்தான் கண் கலங்கும். கிடங்கில் நாங்கள் அரிவதில்லை. அடுக்குவோம், முகர்ந்து பார்ப்போம், பொறுக்குவோம், மறுபடி அடுக்குவோம். கண்ணுக்குப் பதிலாக முதுகுதான் அழும். வாசனை மட்டும் உடம்பை விட்டுப் போகாது. தேவராஜ மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு வழிவிட்டு ஒதுங்குவார்கள். என் உத்தியோகத்துக்குக் கிடைத்த மரியாதை என்று அதை வெகுநாள் நம்பியிருந்தேன்.

உத்தியோகம் ரைட்டர், அதாவது கணக்கெழுதுகிறவன். மண்டி முதலாளியான சாவுகாரின் கிடங்கு மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. நீளமான ஓட்டுக் கட்டடம். தரையில் கல் வைத்து, கல்மேல் மூங்கில் பரப்பி, அதன்மேல் மூட்டைகள். அடியில் காற்று ஓட வேண்டும், நடுவில் ஆள் நுழையச் சந்து விட வேண்டும், சுவரைத் தொடக் கூடாது. வெயில் நாளில் சன்னல்களைத் திறப்பதும் சாரல் வந்தால் ஓடிப்போய் மூடுவதும் என் பொறுப்பு. ஆடி மாதத்து மைசூரில் ஒரு நாளைக்குப் பல தடவை ஓட வேண்டியிருந்ததால், நானே ஒரு சன்னலாகிவிட்டதுபோல் இருக்கும்.

அதைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று உண்டு. வைத்த சரக்கில் எத்தனை வாரத்துக்கு எவ்வளவு கழியும் என்று முன்கூட்டிச் சொல்வது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் மூட்டைக்குள் கையை முழங்கை வரை விட்டு, முகர்ந்து பார்த்து, "நூத்துக்குப் பத்துப் போகும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார்கள். நான் படித்தவன். பள்ளிக்கூடத்தில் வட்டிக் கணக்கு வரை போனவன். ஆகவே புதிதாக ஒரு முறை கொண்டுவந்தேன். ஒவ்வொருவர் சரக்கிலும் ஒரு மூட்டையை மாதிரி மூட்டையாகக் கதவோரம் தனியே வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கொட்டி, கூலிக்கு வரும் பெண்கள் அழுகினதை ஒரு கூடையிலும் முளைத்ததை ஒரு கூடையிலும் பொறுக்க, நான் நிறுக்க வேண்டும். மிச்சத்தையும் நிறுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து போன வாரத்து எடைக்கு எவ்வளவு குறைகிறதோ அது காய்ச்சல், அதாவது ஈரம் வற்றிப் போன எடை. அழுகல், முளை, காய்ச்சல் மூன்றும் தனித்தனியாகத் தெரிந்துவிட்டால் வரப்போகும் வாரங்களைச் சொல்லிவிடலாம் அல்லவா? சாவுகாருக்கு இது பிடித்துப்போயிற்று. "நம்ம ரைட்டர் பஞ்சாங்கம் எழுதறார்" என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பாராட்டாகத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் வைகாசியில், அனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி அறுபது மூட்டை சின்ன வெங்காயம் கொண்டுவந்து எங்கள் கிடங்கில் வைத்தார். அப்போது கொள்ளேகாலமும் அனூரும் சென்னை மாகாணத்தில், கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தன. அங்கிருந்து மைசூருக்கு வண்டி கட்டிக்கொண்டு வருவது சீமை தாண்டி வருவதற்குச் சமம். மனிதர் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. ஆனால் வெங்காயம் நன்றாக இருந்தது. தாள் சுருங்கிக் கழுத்து இறுகி, கையில் உருட்டினால் கலகலவென்று சத்தம் கேட்டது. ஈரக் கழுத்தோடு வருகிற வெங்காயம்தான் முதல் வாரங்களிலேயே அழுகும். இதில் அந்தப் பயம் இல்லை.

"தசராவுக்கு வித்துப்போடோணுமுங்க. அது வரைக்கும் இருக்குமுங்களா?" என்று கேட்டார்.

"எதுக்கு அவ்வளவு நாள்?"

"கெணறு தோண்டிட்டு இருக்கறனுங்க. பாறை வந்து நின்னு போச்சு. வெடி வைக்கிற ஆளுங்க தசரா முடிஞ்சு வர்றமின்னாங்க. இத வித்துத்தான் அவிங்களுக்குக் குடுக்கோணும். இப்ப வித்தா பாதிப் பாறைதானுங்க ஒடையும்."

பாதிப் பாறை உடைத்த கிணற்றில் தண்ணீர் வராது என்பது வட்டிக் கணக்கு தெரிந்த எனக்கும் புரிந்தது. தசராவுக்கு ஊரெல்லாம் மைசூருக்கு வரும். சத்திரத்திலும் ஓட்டலிலும் அடுப்பு அணையாது. வெங்காயம் அப்போதுதான் விலை ஏறும். காத்திருந்தால் கிணறு, காத்திருக்காவிட்டால் குழி.

எட்டாவது வாரம் மனிதர் வந்தபோது கணக்கு என் நாக்கு நுனியில் இருந்தது. காய்ச்சல் நூற்றுக்கு ஆறு. அதுவும் பெரும்பாலும் முதல் மாதத்தில் போனது. அழுகல் மூன்று. முளைக்கூடையில் எண்ணிச் சொல்கிற அளவுக்குக்கூட இல்லை.

"தைரியமா வைங்க. தசராவுக்கு நூத்துக்கு எம்பத்தஞ்சு நிக்கும்" என்றேன்.

"நெசமாலுமுங்களா?"

"நான் சொன்னது தப்பாப் போனா என் மீசையை எடுத்துடறேன்."

அவர் என் மீசையைப் பார்த்தார். அது பெரிய ஈடாக அவருக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் வணங்கிவிட்டுப் போனார்.

பிறகு மழை பிடித்தது. பெரிய மழை அல்ல. பெய்து தொலைத்தால் தேவலை என்று நினைக்கவைக்கிற, நாள் முழுக்கத் தூறி எதையும் நனைக்காமல் எதையும் காயவும் விடாத மழை. கிடங்கில் சாக்கைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். எங்கோ உள்ளே ஒரு வெங்காயம் குழைந்தால் அதன் நீர் அடியில் உள்ளதின்மேல் சொட்டும். அடுத்த நாள் அது. அதற்கடுத்த நாள் இன்னொன்று. எங்கே ஈ மொய்க்கிறதோ அந்த மூட்டையை இழுத்துப்போட்டுப் பொறுக்க வேண்டும். இழுக்கும்போது மற்றவை அடிபடும். அடிபட்டதெல்லாம் அடுத்த மாதம் அழுகும். ஆகவே இழுக்கவும் கூடாது, இழுக்காமலும் இருக்கக் கூடாது. இந்த ஞானத்தோடு காலையில் கிடங்கைத் திறந்து, இதே ஞானத்தோடு சாயங்காலம் பூட்டுவேன். வீட்டில் நாற்றத்துக்குப் பயந்து சாப்பாட்டைக் கையில் கொடுக்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள்.

அழுகல் எதிர்பார்த்தபடிதான் கூடியது. முளைக்கூடை அப்போதும் ஏறக்குறையக் காலி. காய்ச்சல் மட்டும் என்னைக் கொஞ்சம் உறுத்தியது. ஒன்பதாவது வாரம் அரை, பத்தாவது வாரம் ஒன்றரை, பதினோராவது வாரம் மூன்று. சின்ன வெங்காயத்துக்குத் தோல் அதிகம், உதிர்ந்திருக்கும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். சொந்த முறையில் குறை கண்டுபிடிக்கிற அளவுக்கு யாருக்குத்தான் நேரம் இருக்கிறது?

பன்னிரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை காய்ச்சல் நூற்றுக்கு நாலு என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். எதிரே கயிற்றில் என் வேட்டி தொங்கியது. மூன்று நாளாகத் தொங்குகிறது. இன்னும் பிழிந்தால் சொட்டும். இந்த மழையில் ஒரு வேட்டியே காயவில்லை, தோலுக்குமேல் தோல் போர்த்திய வெங்காயம் எப்படிக் காய்ந்தது? காய்ச்சல் முதல் மாதத்தில் வேகமாக ஓடும், பிறகு தளரும், மழை வந்தால் நின்றே போகும். இது மழை ஏற ஏறக் காய்கிறது. உலகத்திலேயே மழையில் காய்கிற சரக்கு எங்கள் கிடங்கில்தான் இருந்தது.

அப்போது பொறுக்குகிற பெண்களின் தலைவி, "ரைட்டரே, சாப்பாடு ஆறிப்போகுது" என்று கூப்பிட்டார். வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பெண்கள் எனக்கும் ஒரு பங்கு வைப்பார்கள். அந்த மழை மாதத்தில் எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான். ராகிக் களியும், கூட ஒரு பச்சைப் பொரியலும். இரண்டாவது கவளத்தில் கை நின்றது.

"அக்கா, இது என்ன பொரியல்?"

"ஒரு மாசமாத் தின்னுட்டு இன்னிக்குக் கேக்கறீங்களே. வெங்காயத் தாள்."

"தாள் ஏது?"

"ஏதுன்னா? முளைச்சதுதான். முளைச்சதெல்லாம் பொறுக்கறவங்களுக்குன்னு பெரிய சாவுகார் காலத்திலிருந்தே வழக்கம்தானே? அழுகினது குப்பைக்கு, முளைச்சது எங்க மடிக்கு."

"மாதிரி மூட்டையிலிருந்துமா?"

"மூட்டைன்னா மூட்டை. அதுக்கென்ன மாதிரி? நீங்கதான் சொன்னீங்க, வீணாப்போனதைக் கூடையில போடுங்கன்னு. முளைச்சது வீணாப்போனதா? இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டேன். நிரூபணத்தை வாரா வாரம் உப்பும் காரமுமாக ருசித்துத் தின்றவன், கடைசிப் பிடியை மட்டும் மிச்சம் வைத்து என்ன ஆகப்போகிறது? அந்தப் பெண்கள் மறைத்து எடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடியில் கட்டினார்கள். முளைத்தது சரக்கு வைத்தவருக்கு நஷ்டம், அவர்களுக்குக் கறி. அது நிறுவைக்கு முன்னாலா பின்னாலா என்று ஏற்பாடு செய்யத்தான் எனக்குத் தோன்றவில்லை.

எடை குறைந்தது என்னவோ உண்மைதான்; குறைந்த காரணத்தைத்தான் நான் வேறு பெயரில் எழுதியிருந்தேன். பெயர் மாறினால் என்ன என்று கேட்கலாம். காய்ச்சல் தானாகத் தளர்ந்துவிடும், ஆகவே பயமில்லை. முளை அப்படியல்ல. வெங்காயம் இரண்டு மாதம், இரண்டரை மாதம் தூங்கும். அந்தத் தூக்கம் கலைந்துவிட்டால், ஒவ்வொரு வாரமும் முந்தின வாரத்தைவிட அதிகமாக எழுந்திருக்கும். எழுந்தது உள்ளேயிருக்கிற சத்தைத் தின்றுகொண்டே மேலே வரும். காய் லேசாகிவிடும், மெத்தென்று ஆகிவிடும், பிறகு அழுகும். நான் தளர்கிற கணக்கில் தசராவைப் பார்த்திருந்தேன். ஏறுகிற கணக்கில் பார்க்க வேண்டியிருந்தது.

சாப்பிட்ட கையோடு இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, அனூர்க்காரருடைய அடுக்கின் நடுவிலிருந்து ஏழெட்டு மூட்டைகளை இறக்கிக் கொட்டச் சொன்னேன். கதவோரத்து மூட்டையை நம்பியது போதும். கொட்டியதும் தரையில் அங்கங்கே பச்சை மூக்கு எட்டிப் பார்த்தது. எண்ணினோம். எட்டில் ஒன்று முளைத்திருந்தது. இன்னும் முளைக்காததைக் குறுக்கே அரிந்து பார்த்தால், பாதிக்கு மேற்பட்டதில் நடுவில் பச்சைக் குருத்து கிளம்பியிருந்தது. அன்றைக்கு முதல் தடவையாகக் கிடங்கில் எனக்குக் கண் கலங்கியது. அரிந்ததினால்தான்.

தசராவுக்கு இன்னும் ஆறு வாரத்துக்கு மேல் இருந்தது. அப்போது பாதி நின்றால் பெரிது.

அரிந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு சாவுகாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தமிழையும் கன்னடத்தையும் ஒரே தட்டில் பிசைந்து பேசுகிறவர்.

"ஹௌதா, அப்படியா?" என்றார், விரலில் ஒரு குருத்தைப் பிடித்துக்கொண்டு. "நம்ம சரக்கும் அதே வாரம் வந்ததுதானே?"

"அதே வாரம்தானுங்க."

"அப்ப நம்மது முதல்ல போகட்டும். எல்லாம் ஒரே நாள் இறக்கினா விலை விழும். அந்த அனூர்க்காரர் சரக்கை அப்புறம் பாத்துக்கலாம். சும்னே இப்பவே சொல்லி அவரைப் பயமுறுத்தாதே."

கெட்ட மனிதரல்ல. முன்னால் போகிறவனுக்கு நல்ல விலை, பின்னால் போகிறவனுக்கு மிஞ்சின விலை என்பது எல்லா மண்டிக்கும் பொது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் அனூர்க்காரரின் வெங்காயம் எவ்வளவு எழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவரிடம் எண்பத்தைந்து என்று சொன்ன வாய் என்னுடையது. மீசை வேறு அடகில் இருந்தது.

"உங்க சரக்கு பின் சுவரோரம் இருக்குங்க. அவரோடது முன்னால. அவரோடதை எடுக்காம உங்களோடதைத் தொட முடியாது."

"நகத்தி வையேன்."

"நகத்தினா அறுபது மூட்டையும் அடிபடும். அடிபட்ட அழுகல் நம்ம கணக்குல வந்துடும். ஒரே தடவை தூக்கி, வெளியே ஏத்தினா நம்ம பொறுப்பு முடிஞ்சது."

இதில் பொய் எதுவும் இல்லை. இந்தக் கிடங்கில் நான் சொன்ன உண்மைகளில் இவ்வளவு சௌகரியமானது வேறு கிடையாது. சாவுகார் குருத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"பஞ்சாங்கம் எழுதறவன் ராகுகாலமும் பாத்துத்தான் வச்சிருக்கான்" என்றார். "சரி, சொல்லி அனுப்பு. ஆனா இனிமே அந்தப் பொம்பளைங்க முளைச்சதைத் தொடக் கூடாது."

"அப்படிச் செஞ்சா பொறுக்க யாரும் வரமாட்டாங்க. நிறுத்துட்டு எடுத்துக்கட்டும்."

"அதுவும் ஆயிதா, முடிவு பண்ணிட்டியா?" என்று கையை உதறிவிட்டு உள்ளே போனார். அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். தலைவியிடம் சொன்னபோது, "நிறுத்தா ருசி குறையுமா? நிறுங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு முன்னால் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு என்ன வந்தது என்று கேட்காதீர்கள்.

கொள்ளேகாலம் போகிற வண்டிக்காரரிடம் செய்தி சொல்லி அனுப்பினேன். அனூர்க்காரர் நாலைந்து நாளில் வந்துவிட்டார். நான் நீளமாகப் பேசத் தயார் செய்துவைத்திருந்தேன். அவர் நேராகப் போய்க் கொட்டி வைத்திருந்த வெங்காயத்தின் எதிரே குந்தினார். ஒன்றை எடுத்து அமுக்கினார். இன்னொன்றை எடுத்துக் குருத்தை நகத்தால் கிள்ளினார்.

"எம்பத்தஞ்சுன்னீங்களே" என்றார். கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"சொன்னேன். தப்பு. முளைச்சதைக் காய்ச்சல்னு எழுதிட்டேன்."

"தசரா வரைக்கும் வெச்சா?"

"பாதி. மழை இப்படியே இருந்தா அதுக்கும் கீழ."

"இப்ப வித்தா?"

"நல்லதாப் பொறுக்கினா நாப்பத்தஞ்சு மூட்டை தேறும். வெல தசரா வெல இல்லீங்க."

அவர் கையிலிருந்த வெங்காயத்தைக் குவியலில் திரும்ப வைத்தார். பெண்கள் பொறுக்குவதை நிறுத்திவிட்டார்கள். வெளியே ஓட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தசரா விலையில் பாதி வெங்காயம், இன்றைய விலையில் முக்கால் வெங்காயம். இரண்டையும் அவர் மனதுக்குள் நிறுத்துக்கொண்டிருந்தார். நான் உதவி செய்ய வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். என் கணக்கை அவர் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டுவிட்டார்.

"பொறுக்குங்க" என்றார் கடைசியில்.

இரண்டு நாள் பொறுக்கினோம். அவரும் எங்களோடு உட்கார்ந்து பொறுக்கினார். நல்லது ஒரு பக்கம், அழுகினது குழிக்கு, முளைத்தது தனிக் குவியல். பெண்கள் வழக்கப்படி தங்கள் மடியை நீட்டவில்லை. தலைவி மட்டும், "அண்ணா, இது எங்களுக்கு வேண்டாம், நீங்களே கொண்டுபோங்க" என்றார்.

"கொஞ்சம் எடுத்துக்குங்கம்மா, கொழந்தைங்களுக்குப் பொரிச்சுப் போடுங்க. மிச்சத்த நான் ஓட்டிட்டுப் போறன்" என்றார் அவர்.

நல்லது நாற்பத்திரண்டு மூட்டைதான் தேறியது. நான் சொன்னதற்கு மூன்று குறைவு. சந்தை விலை கேவலமாக இல்லை, நன்றாகவும் இல்லை. எங்கள் சாவுகாரின் சரக்கு மறுநாள் இறங்கி விலையை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளியது. சாவுகார் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. அந்த ஒரு வாரம் சன்னல்களை நிம்மதியாக மூடித் திறந்தேன்.

முளைத்த மூட்டைகளை வண்டியில் ஏற்றும்போது, "இத என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"நட்டுப்போடறனுங்க. முளைச்சது மண்ணுக்குத்தானே போகோணும். கொஞ்சம் முந்திப் போச்சு. மழ நின்னு பெஞ்சா வரும்."

"தண்ணி?"

"அதானுங்க" என்றார். "கெணறு இருந்திருந்தா நடறதுக்கு யோசிக்க வேண்டீதில்லை. இத வித்துக் கெணறு தோண்டலாம்னு பாத்தன். இப்ப கெணறு இல்லாமயே இத நடப் போறன்."

அவர் சிரித்தார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சிரிக்கவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டார். நான் என் மீசையைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"அத வெச்சு நான் என்ன பண்றதுங்க?" என்றார். பிறகு நுகத்தடியில் கை வைத்தபடியே, "நீங்க சொல்லுங்க, இதுல நூத்துக்கு எத்தன வேர் புடிக்கும்?"

வாயில் ஒரு எண் வந்துவிட்டது. எழுபது என்று சொன்னால் அவருக்கு வழி முழுக்கத் துணைக்கு ஒன்று கிடைத்திருக்கும்.

"தெரியலீங்க" என்றேன்.

"அப்ப செரி" என்று சொல்லி மாட்டைத் தட்டினார். "பாறை எங்கீங்க போகப் போகுது. அடுத்த வருஷமும் அங்கயேதான் கெடக்கும்."

வண்டி சந்தைத் தாண்டித் திரும்பும் வரை நின்றேன். சாக்கு இடுக்குகளில் பச்சைக் குருத்துகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மறுபடி தூறத் தொடங்கியது. சன்னல்களை மூட உள்ளே ஓடினேன்.